சேர்க்கை, விடுவிப்பு நாள்களிலிருந்து மருத்துவமனைப் படுக்கை நிறைவு விகிதமும் சராசரித் தங்கல் காலமும்: கணக்கிடும் முறையும் பிழை காணும் வழியும்

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனைக் கூடம் ஒன்றின் மாத அறிக்கையில் படுக்கை நிறைவு விகிதம், சராசரித் தங்கல் காலம் என்னும் இரண்டு அளவுகள் இடம்பெறும். இரண்டையும் நோயாளியின் சேர்க்கை நாள், விடுவிப்பு நாள் ஆகிய இரண்டு தகவல்களைக் கொண்டே பெறலாம். ஆயினும் ஒரே பதிவேட்டிலிருந்து கணக்கிடுவோர் வேறுபட்ட விடைகளை அடைவதுண்டு. இவ்வேறுபாடு எங்கே தோன்றுகிறது என்பதையும், விடை சரியானதா என்பதை எவ்வாறு சோதிப்பது என்பதையும் நான்கு படுக்கைகளும் பத்து நோயாளிகளும் கொண்ட மாதிரிக் கூடம் ஒன்றின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: படுக்கை நாள், படுக்கை நிறைவு விகிதம், சராசரித் தங்கல் காலம், நள்ளிரவுக் கணக்கெடுப்பு, விடுவிப்பு.

முன்னுரை

மருத்துவமனைப் புள்ளிவிவரங்களை ஒரே சீரான படிவத்தில் திரட்ட வேண்டும் என்னும் கருத்தை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் பேரவையின் முன் வைத்தார். ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவமனையில் இருந்தோர், ஆண்டில் சேர்ந்தோர், வெளியேறியோர், இறந்தோர், ஆண்டின் இறுதியில் எஞ்சியோர், நோயாளி ஒருவர் தங்கிய சராசரி நாள்கள் ஆகியவை அப்படிவத்தின் பகுதிகளாக இருந்தன. இன்றைய மாத அறிக்கையின் எலும்புக்கூடும் இதுவேயாகும். தாளில் எழுதிய கணக்கு கணினிக்கு மாறியபோதும் தேவைப்படும் தகவல்கள் மாறவில்லை. பிழை நுழையும் வழிகள் மட்டும் மாறியுள்ளன.

நிறைவு விகிதம் குறைவு என்று காட்டும் அறிக்கையை நம்பி ஒரு கூடத்தின் படுக்கைகளை நிருவாகம் வேறு துறைக்கு மாற்றக்கூடும். செவிலியர் பணியிடங்களைக் குறைக்கவும் கூடும். ஆகவே அறிக்கையில் உள்ள எண் எதை எண்ணியது என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

1. எண்ணப்படும் அலகு

இக்கணக்கின் அடிப்படை அலகு படுக்கை நாள் ஆகும். ஒரு நோயாளி ஒரு படுக்கையில் ஓர் இரவு இருந்தால் அது ஒரு படுக்கை நாள். நாள்தோறும் நள்ளிரவில் கூடத்தில் உள்ளோரை எண்ணி எழுதும் வழக்கத்திலிருந்து இவ்வலகு பிறந்தது. ஆகவே சேர்ந்த நாள் கணக்கில் சேரும். வெளியேறிய நாள் சேராது. ஜூன் 2-இல் சேர்ந்து ஜூன் 9-இல் வெளியேறியவர் 2 முதல் 8 வரையிலான ஏழு இரவுகள் தங்கினார். விடுவிப்பு நாளிலிருந்து சேர்க்கை நாளைக் கழித்தால் இதே ஏழு கிடைக்கிறது.

இரண்டு நாள்களையும் சேர்த்து எட்டு என எண்ணுவோர் உண்டு. நோயாளி இரண்டு நாள்களிலும் மருத்துவமனையில் இருந்தார் என்பது உண்மையே. ஆனால் ஒருவர் காலையில் வெளியேற, அதே படுக்கையில் மாலையில் மற்றொருவர் சேர்ந்தால் அந்த ஒரு நாள் இருவர் கணக்கிலும் ஏறிவிடும். படுக்கை ஒன்று, நாள் ஒன்று, எண்ணிக்கையோ இரண்டு. இவ்விரட்டிப்பைத் தவிர்க்கவே வெளியேறும் நாள் விலக்கப்படுகிறது.

சேர்ந்த நாளிலேயே வெளியேறியவரின் கழித்தல் விடை சுழியம். நள்ளிரவில் அவர் கூடத்தில் இல்லாததால் படுக்கை நாள் கணக்கிலும் அவர் வருவதில்லை. தங்கல் காலத்தைக் கணக்கிடும்போது அவருக்கு ஒரு நாள் வழங்கும் மரபும் உண்டு. இங்கிலாந்தின் தேசிய நலப்பணியில் போலச் சுழியமாகவே கொள்ளும் மரபும் உண்டு. எதைப் பின்பற்றினாலும் அதை அறிக்கையின் அடியில் எழுதி, மாதந்தோறும் மாற்றாமல் பின்பற்றுதல் வேண்டும். இக்கட்டுரையில் தங்கல் காலத்துக்கு ஒரு நாள் என்னும் மரபு கொள்ளப்படுகிறது.

2. மாதிரிக் கூடம்

நான்கு படுக்கைகள் கொண்ட கூடம் ஒன்றின் 2024 ஜூன் மாத அறிக்கை ஜூலை 5-ஆம் நாள் எடுக்கப்படுவதாகக் கொள்வோம். ஜூன் மாதத்துக்கு 30 நாள்கள்; எனவே கிடைக்கும் படுக்கை நாள்கள் 4 × 30 = 120. ஜூன் மாதத்தில் ஒரு பொழுதேனும் அக்கூடத்தில் இருந்த பத்து நோயாளிகளின் விவரம் வருமாறு. விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட தரவு இது.

| நோயாளி | சேர்க்கை | விடுவிப்பு | ஜூன் இரவுகள் | முழுத் தங்கல் |
|---|---|---|---|---|
| 1 | ஏப்ரல் 11 | ஜூன் 5 | 4 | 55 |
| 2 | மே 29 | ஜூன் 3 | 2 | 5 |
| 3 | ஜூன் 2 | ஜூன் 9 | 7 | 7 |
| 4 | ஜூன் 4 | ஜூன் 4 | 0 | 1 |
| 5 | ஜூன் 6 | ஜூன் 18 | 12 | 12 |
| 6 | ஜூன் 10 | ஜூன் 14 | 4 | 4 |
| 7 | ஜூன் 12 | ஜூன் 27 | 15 | 15 |
| 8 | ஜூன் 20 | ஜூலை 3 | 11 | 13 |
| 9 | மே 15 | பதிவு இல்லை | 30 | – |
| 10 | ஜூன் 25 | பதிவு இல்லை | 6 | – |

நான்காம் நிரலே நிறைவு விகிதத்துக்கு உரியது. ஒவ்வொரு நோயாளியின் தங்கலிலிருந்தும் ஜூன் மாத எல்லைக்குள் விழும் பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். முதல் நோயாளி 55 நாள் தங்கியிருந்தாலும் ஜூன் மாதத்துக்கு உரியவை நான்கு இரவுகளே. விடுவிப்புப் பதிவு இல்லாதவர் மாத இறுதி வரை இருந்தவராகக் கொள்ளப்படுவார். விரிதாளில் சேர்க்கை நாள் B நிரலிலும், விடுவிப்பு நாள் C நிரலிலும், மாதத்தின் முதல் நாள் H1 கட்டத்திலும், இறுதி நாள் H2 கட்டத்திலும் இருக்குமானால் வாய்பாடு இவ்வாறு அமையும்:

```
=MAX(0, MIN(IF(C2="",$H$2+1,C2),$H$2+1) - MAX(B2,$H$1))
```

இறுதி நாளுடன் ஒன்று கூட்டப்படுவதற்குக் காரணம் உண்டு. ஜூன் 30 இரவும் எண்ணப்பட வேண்டுமானால் மேல் எல்லை ஜூலை 1 ஆக இருத்தல் வேண்டும். பதிவில் நாளுடன் மணியும் சேர்ந்திருந்தால் நாளை மட்டும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். இல்லையேல் விடை பின்னமாகும்.

நான்காம் நிரலின் கூட்டுத்தொகை 91. ஆகவே படுக்கை நிறைவு விகிதம் 91 ÷ 120, அதாவது 75.8 விழுக்காடு.

3. இரண்டு அளவுகள், இரண்டு தொகுதிகள்

சராசரித் தங்கல் காலத்துக்கு உரியோர் ஜூன் மாதத்தில் வெளியேறியோர் மட்டுமே. இறந்தோரும் இவ்வெண்ணிக்கையில் அடங்குவர். நோயாளிகள் 1 முதல் 7 வரையிலான எழுவரின் முழுத் தங்கல் நாள்கள் 55 + 5 + 7 + 1 + 12 + 4 + 15 = 99. சராசரி 99 ÷ 7, ஏறத்தாழ 14.1 நாள்.

இங்கே நோக்க வேண்டியது, 91, 99 ஆகிய இரண்டும் வெவ்வேறு மக்களை வெவ்வேறு முறையில் எண்ணிய தொகைகள் என்பதாகும். முன்னது மாதத்துக்குள் நிகழ்ந்த இரவுகளை எண்ணுகிறது. யாருடையவை என்று பார்ப்பதில்லை. பின்னது மாதத்துக்குள் முடிந்த தங்கல்களை எண்ணுகிறது; அவை எப்போது தொடங்கின என்று பார்ப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கழிந்த 51 இரவுகள் முதல் நோயாளியின் வழியாக ஜூன் மாதச் சராசரிக்குள் நுழைந்துள்ளன. ஒன்பதாம் நோயாளி ஜூன் முழுவதும் படுக்கையில் இருந்தும் அம்மாதச் சராசரியில் அவருக்கு இடமில்லை.

இதனால் முரண்போலத் தோன்றும் விளைவு ஒன்று உண்டாகிறது. நெடுநாள் தங்கியவர் கூடத்தில் இருக்கும் வரை சராசரித் தங்கல் காலம் குறைவாகவே தெரியும். அவர் வெளியேறிப் படுக்கை விடுபடும் மாதத்தில் அச்சராசரி திடீரென உயரும். முதல் நோயாளியை நீக்கினால் எஞ்சிய அறுவரின் சராசரி 44 ÷ 6, அதாவது 7.3 நாள். எழுவரின் தங்கல் நாள்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 7. ஆகவே 14.1 என்னும் எண் அம்மாத நோயாளிகளின் பொது இயல்பைக் காட்டவில்லை. ஒருவரின் வெளியேற்றத்தைக் காட்டுகிறது. சிறு கூடங்களின் அறிக்கையில் சராசரியுடன் இடைநிலை அளவையும் தருவது இக்காரணத்தால் தேவையாகிறது.

ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காலத்தை எடுத்துக்கொண்டால் எல்லையில் வெட்டப்படும் பகுதிகளின் பங்கு சுருங்கும்; இரண்டு தொகைகளும் ஒன்றையொன்று நெருங்கும். நாளொன்றுக்குச் சேர்வோரின் சராசரியைச் சராசரித் தங்கல் காலத்தால் பெருக்கினால் கூடத்தில் இருப்போரின் சராசரி எண்ணிக்கை கிடைக்கும் என்னும் வரிசைக் கோட்பாட்டு விதியை ஜான் லிட்டில் 1961-இல் நிறுவினார். நீண்ட கால நிலைத்தன்மையை அவ்விதி வேண்டுகிறது. ஒரு மாதக் கணக்கில் அது பொருந்தாமை பிழைக்குச் சான்றாகாது. மேற்கண்ட கூடத்தில் இருந்தோரின் நாள் சராசரி 3.03; விதியின்படி பெருக்கினால் வருவது 3.3.

4. வினவலில் நேரும் பிழைகள்

கணினிப் பதிவேட்டிலிருந்து தரவை எடுக்கும் நிபந்தனையிலேயே பெரும் பிழைகள் தொடங்குகின்றன. "ஜூன் மாதத்தில் சேர்ந்தவர்களைக் கொடு" என்று கேட்டு, விடுவிப்பு நாள் இல்லாத வரிகளை முழுமையற்றவை என நீக்கிவிட்டால், 3 முதல் 8 வரையிலான அறுவர் மட்டுமே எஞ்சுவர். அவர்களின் தங்கலை எல்லையிட்டு வெட்டாமல் கூட்டினால் 51; நிறைவு விகிதம் 42.5 விழுக்காடு. மாறாக, வெளியேறியோரின் தங்கல் நாள்களாகிய 99-ஐ நேரடியாக 120-ஆல் வகுத்தால் 82.5 விழுக்காடு. சேர்ந்த நாளையும் வெளியேறிய நாளையும் எண்ணினால் ஜூன் மாதத் தொகை 98 ஆகி, விகிதம் 81.7 ஆகும். ஒரே பதிவேடு, ஒரே மாதம்; விடைகளோ 42.5, 75.8, 81.7, 82.5. இவற்றில் இரண்டாவதே கூடத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறது. முதல் எண்ணைக் கண்டு படுக்கையைக் குறைக்கும் நிருவாகம், ஜூன் 2, 12, 13, 25, 26 ஆகிய ஐந்து இரவுகளில் நான்கு படுக்கைகளும் நிறைந்திருந்ததை அறியாது.

சரியான நிபந்தனை இரண்டு பகுதிகளைக் கொண்டது: நோயாளி மாதம் முடிவதற்குள் சேர்ந்திருக்க வேண்டும், மாதம் தொடங்குவதற்கு முன் வெளியேறாதிருக்க வேண்டும்.

```sql
WHERE admit_date < DATE '2024-07-01'
  AND (discharge_date IS NULL
       OR discharge_date >= DATE '2024-06-01')
```

நாளை எழுதும் வரிசையும் பிழைக்கு இடம் தருகிறது. நாள், மாதம், ஆண்டு என்னும் வரிசையில் எழுதப்பட்டதை மாதம், நாள், ஆண்டு என்று விரிதாள் படித்துக்கொள்ளக்கூடும். அப்போது 02/06/2024 பிப்ரவரி 6 ஆகவும், 09/06/2024 செப்டம்பர் 6 ஆகவும் மாறும். மூன்றாம் நோயாளியின் ஏழு நாள் 213 நாளாகிவிடும். நாள் எண் 12-க்கு மேற்பட்டால் மாற்றம் நிகழாது. அவ்வுள்ளீடு வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஆகவே நிரலின் ஒரு பகுதி இடப்பக்கமும் மறுபகுதி வலப்பக்கமும் ஒதுங்கி நிற்பதே இப்பிழையின் முதல் அடையாளம். அறிக்கை எடுத்த நாளுக்குப் பிந்திய விடுவிப்பு நாள் தென்படுவது இரண்டாவது அடையாளம்.

5. கூட மாற்றம்

மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள நாள்கள் மருத்துவமனைக்கு உரியவை. கூடத்துக்கு உரியவை அல்ல. ஐந்தாம் நோயாளி ஜூன் 10-இல் இக்கூடத்திலிருந்து வேறொரு கூடத்துக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்தே 18-இல் வீடு திரும்பினார் எனக் கொள்வோம். அவருடைய 12 இரவுகளில் நான்கு இக்கூடத்துக்கும் எட்டு அக்கூடத்துக்கும் உரியவை. சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் நம்பினால் பன்னிரண்டும் ஒரே கூடத்தின் மேல் விழும். எனவே கூட வாரியான அறிக்கைக்கு, நோயாளி ஒவ்வொரு கூடத்துக்குள்ளும் வந்த நாளும் நீங்கிய நாளும் கொண்ட தனிப் பதிவு இன்றியமையாதது.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். கூட மாற்றத்தைப் புதிய சேர்க்கையாகப் பதிந்தால் மருத்துவமனை முழுமைக்குமான கணக்கில் 12 நாள் தங்கிய ஒருவர், 4 நாளும் 8 நாளும் தங்கிய இருவராகி விடுவார். படுக்கை நாள் தொகை மாறாது. சராசரியோ பன்னிரண்டிலிருந்து ஆறாகக் குறையும். சிகிச்சை விரைவுபட்டதுபோல் அறிக்கை காட்டும். நிறைவு விகிதம் மாறாமல், சேர்க்கை எண்ணிக்கை உயர்ந்து, சராசரித் தங்கல் காலம் மட்டும் சரிந்தால் முதலில் இதையே ஐயுற வேண்டும்.

6. சோதனைகளும் அவற்றின் எல்லையும்

விடையைச் சோதிக்க இரண்டு கணக்குகள் பயன்படும். முதலாவது இருப்புச் சமன்பாடு. மாதத் தொடக்கத்தில் இருந்தோருடன் சேர்ந்தோரையும் பிற கூடங்களிலிருந்து வந்தோரையும் கூட்டி, வெளியேறியோர், இறந்தோர், பிற கூடங்களுக்குச் சென்றோர் ஆகியோரைக் கழித்தால் மாத இறுதியில் எஞ்சியோர் கிடைக்க வேண்டும். மாதிரிக் கூடத்தில் ஜூன் தொடங்கியபோது 1, 2, 9 ஆகிய மூவர் இருந்தனர். எழுவர் சேர்ந்தனர், எழுவர் வெளியேறினர். எஞ்சியோர் 8, 9, 10 ஆகிய மூவர். சமன்பாடு பொருந்துகிறது.

இரண்டாவது, ஒவ்வொரு நள்ளிரவிலும் இருந்தோரைத் தனித்தனியே எண்ணி முப்பது நாள்களுக்கும் கூட்டுதல். ஜூன் 1-இல் மூவர், 2-இல் நால்வர், 3-இல் மூவர் எனத் தொடர்ந்து கூட்டினால் 91 வருகிறது. நோயாளி வழியாகக் கிடைத்த தொகையும் நாள் வழியாகக் கிடைத்த தொகையும் ஒன்றாக இருந்தால் வாய்பாட்டில் பிழையில்லை என்று கொள்ளலாம்.

ஆயினும் இவ்விரண்டு சோதனைகளும் கண்டறிய இயலாத பிழை ஒன்று உண்டு. ஒன்பதாம் நோயாளியின் விடுவிப்புக் கட்டம் வெறுமையாக உள்ளது. அவர் இன்னும் படுக்கையில் இருப்பதால் அது வெறுமையாக இருக்கலாம். அல்லது அவர் மே மாதத்திலேயே வெளியேறியும் எவரும் பதியாததால் வெறுமையாக இருக்கலாம். மருத்துவர் அறிவுரைக்கு மாறாக வெளியேறியோர், சொல்லாமல் சென்றுவிட்டோர் ஆகியோரின் பதிவுகள் இவ்வாறு மூடப்படாமல் நிற்பதுண்டு. அவர் இல்லாதவரானால் 91-இல் 30 நாள்கள் கற்பனை நாள்கள். உண்மை விகிதம் 61 ÷ 120, அதாவது 50.8 விழுக்காடு. தொடக்க இருப்பிலும் இறுதி இருப்பிலும் அவர் ஒருங்கே எண்ணப்படுவதால் சமன்பாடு குலைவதில்லை. நாள் வழிக் கூட்டலும் அதே பதிவேட்டிலிருந்து பிறப்பதால் அதுவும் பொருந்தியே காட்டும்.

இதை வெளிப்படுத்தக்கூடியது பதிவேட்டுக்கு வெளியே உள்ள சான்று ஒன்றே. கூடத்தின் இரவுப் பணிச் செவிலியர் நோயாளிகளை நேரில் கண்டு எழுதும் இருப்புக் குறிப்பை மாதத்தின் ஒரு நாளிலேனும் கணினிப் பட்டியலுடன் பெயர் பெயராக ஒப்பிட வேண்டும். எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது போதாது. ஒருவர் விடுபட்டு மற்றொருவர் மிகுந்தால் எண்ணிக்கை ஒத்தே இருக்கும்.

நூறு விழுக்காட்டைத் தாண்டும் விகிதத்தையும் இவ்வாறே ஆராய வேண்டும். அது பிழையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நெரிசல் மிக்க அரசு மருத்துவமனைகளில் கூடுதல் கட்டில்களிலும் தரையில் விரித்த பாயிலும் உள்நோயாளிகள் இருப்பதுண்டு. அனுமதிக்கப்பட்ட படுக்கைகளை வகுக்கும் எண்ணாகக் கொண்டால் அங்கே 100-ஐத் தாண்டுவது உண்மை நிலையே. நள்ளிரவு எண்ணிக்கை படுக்கை எண்ணிக்கையை மீறிய இரவுகள் இருப்புக் குறிப்பில் தென்பட்டால் விகிதம் நம்பத்தக்கது. எந்த இரவும் மீறாதிருந்து மாத விகிதம் மட்டும் மீறினால் வெளியேறிய நாளும் எண்ணப்பட்டது, அல்லது மூடப்படாத பதிவுகள் குவிந்தன எனக் கொள்ளலாம். மாத நடுவில் படுக்கைகள் கூட்டப்பட்டோ குறைக்கப்பட்டோ இருந்தால் ஒவ்வொரு நாளும் இருந்த படுக்கைகளைக் கூட்டி வகுக்கும் எண்ணைப் பெற வேண்டும்.

முடிவுரை

நிறைவு விகிதம் மாதத்துக்குள் விழும் இரவுகளையும், சராசரித் தங்கல் காலம் மாதத்துக்குள் முடியும் தங்கல்களையும் எண்ணுகின்றன. முன்னதற்கு எல்லையிட்டு வெட்டுதல் வேண்டும். பின்னதற்கு வெட்டுதல் கூடாது. இவ்வேறுபாட்டைப் பேணாத வினவல் 75.8 விழுக்காடு நிறைந்த கூடத்தை 42.5 விழுக்காடு நிறைந்ததாகக் காட்டுவதை மாதிரிக் கூடம் உணர்த்தியது. கணக்கின் உட்பிழைகளை இருப்புச் சமன்பாடும் நாள் வழிக் கூட்டலும் வெளிப்படுத்துகின்றன. மூடப்படாத பதிவை அவை வெளிப்படுத்துவதில்லை. ஆகவே விடுவிப்பு நாள் வெறுமையாக உள்ள பதிவுகள் எத்தனை, அவற்றுள் நேரில் சரிபார்க்கப்பட்டவை எத்தனை என்னும் இரண்டு எண்களையும் அறிக்கை தன்னுடன் தாங்கி வருதல் வேண்டும். அவை இல்லாத அறிக்கையில் உள்ள விகிதம், படுக்கையில் இருந்தவரையும் பதிவில் மட்டும் இருந்தவரையும் வேறுபடுத்தாத எண்ணாகவே நிற்கும்.